புதிய லைட் பாயிண்ட்: ஒயர் தடிமனிலும் பைப் அளவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை பழக வருகிற பையன்களைக் கவனித்தால், எல்லோரும் ஒரே வரிசையில் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள் என்பது தெரியும். மெயினை அணைக்காமல் கை வைப்பது, பேஸையும் நியூட்ரலையும் மாற்றிப்போடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். வேலை முடிந்து, விளக்கும் எரிந்து, கூலியும் வாங்கிய பிறகு, சுவருக்குள் பல மாதங்கள் சத்தமில்லாமல் கிடக்கிற தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

## விளக்கின் வாட்டைப் பார்த்து ஒயர் வாங்குவது

இந்தத் தவறைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால், இதைச் செய்கிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். கணக்கைச் சரியாகப் போட்டுத்தான் தவறுகிறார்கள். "ஒன்பது வாட் பல்புக்கு எதுக்குண்ணே தடி ஒயர்?" என்று கேட்பார்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு 230 வோல்ட்டில் 0.04 ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு 0.75 சதுர மி.மீ. ஒயர்கூட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒயரின் தடிமனை விளக்கு தீர்மானிப்பதில்லை. அந்த ஒயருக்குக் காவலாக மேலே இருக்கிற எம்.சி.பி.தான் தீர்மானிக்கிறது. விளக்கு இழுப்பதைவிட அதிகமாக மின்சாரம் ஓடுகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதுதான் கேள்வி. எம்.சி.பி. விட்டுக்கொடுத்தால் ஆபத்தில்லை, ஒயர் விட்டுக்கொடுத்தால் சுவருக்குள் நெருப்பு.

கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடையே ஒரு பழைய ஓட்டு வீடு. கண்ணாடிக்கு மேலே ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அறையின் லைட் லைன் எதிர்ச் சுவரில் இருந்தது; கண்ணாடிக்குப் பக்கத்திலோ கிரைண்டருக்காகப் போட்ட 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வேலை செய்த பையன் அதிலிருந்தே லைன் எடுத்து, 0.75 ஃபிளெக்சிபிள் ஒயரைப் பைப்பில் போட்டுச் சுண்ணாம்புச் சுவருக்குள் புதைத்துவிட்டான். விளக்கு நன்றாகவே எரிந்தது. அந்த லைனுக்கு, எம்.சி.பி.கள் இருக்கிற பெட்டியான டி.பி.யில் இருந்தது 20 ஆம்பியர் எம்.சி.பி.

பிறகு அந்த வீட்டார் வேறொருவரை அழைத்து, விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயிண்டும் போட்டுக்கொண்டார்கள். அவர் டி.பி.யில் 20 ஆம்பியரைப் பார்த்து, இது பவர் லைன்தான் என்று நம்பிவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவருக்குள் என்ன ஒயர் ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டியது எம்.சி.பி.யின் எண்தான், அந்த எண் இங்கே பொய் சொன்னது. மார்கழிக் குளிரில் மல்டி பிளக் ஒன்றைச் செருகி, 1500 வாட் வெந்நீர் ராடையும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாக ஓட்டினார்கள். இரண்டும் சேர்ந்து 2500 வாட், அதாவது ஏறக்குறைய 11 ஆம்பியர். பைப்புக்குள் ஓடும் 0.75 ஒயர் தாங்குவது சுமார் 7 ஆம்பியர்.

இப்போது 20 ஆம்பியர் எம்.சி.பி. என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அது ஒன்றுமே செய்யவில்லை, செய்யவும் கூடாது. வீட்டு உபயோக எம்.சி.பி.க்கான தர விதிப்படி, அதன் எண்ணைப்போல் 1.13 மடங்கு ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது இறங்கக் கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அவை முறையே 22.6 ஆம்பியரும் 29 ஆம்பியரும். அதன் கண்ணுக்கு 11 ஆம்பியர் என்பது பாதிச் சுமைதான். ஆனால் 0.75 ஒயரில் 11 ஆம்பியர் ஓடும்போது, போகிற ஒயரும் வருகிற ஒயருமாக ஒவ்வொரு மீட்டரிலும் 6 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கிறது. அதே இடத்தில் 1.5 சதுர மி.மீ. இருந்திருந்தால் சூடு பாதியாகியிருக்கும். பிளாஸ்டிக் பைப்புக்குள், சுவருக்குள், அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. சாதாரண பி.வி.சி. உறை தாங்குகிற எல்லையோ 70 டிகிரி செல்சியஸ்.

நான் அந்தச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது சிவப்பு ஒயர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. லேசாக மடக்கியதும் உறை வளையாமல் சடக்கென்று ஒடிந்து, உள்ளே கருத்துப்போன செம்பு தெரிந்தது. வீட்டார் சொன்ன புகார், "சுவிட்சுத் தகடு சுடுகிறது, எப்போதாவது மீன் வாடை போல ஒரு நாற்றம் வருகிறது" என்பது மட்டுமே. ஒருமுறைகூட எம்.சி.பி. இறங்கவில்லை என்று அவர்கள் அதைப் பெருமையாகவே சொன்னார்கள். சுவரை உடைத்து, பைப்பைப் பிடுங்கி, லைட் லைனிலிருந்து புதிதாக இழுத்து, பூசி வெள்ளையடித்ததற்கான செலவு, முதலில் மிச்சம் பிடித்த ஒயர் விலையைப்போல் பல மடங்கு ஆயிற்று.

சரியாகச் செய்வதானால் வேலை டி.பி.யிலிருந்து தொடங்க வேண்டும். எந்த லைனிலிருந்து எடுக்கப் போகிறோமோ அதன் எம்.சி.பி.யில் எழுதியிருக்கும் எண்ணை முதலில் படிக்க வேண்டும். 6 அல்லது 10 ஆம்பியர் என்றால் அது லைட் லைன், அதிலிருந்து 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் எடுக்கலாம். 6 ஆம்பியருக்கு 1.0 போதும் என்று பலர் சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகிற ஒயரை 1.0 ஆகப் போடுகிறார்கள். கணக்குப்படி அது தாங்கும். ஆனாலும் நாளைக்கு யாராவது எம்.சி.பி.யை 10 ஆக மாற்றுவார்கள் என்பதை அனுபவம் சொல்வதால், நான் 1.5-க்குக் கீழே இறங்குவதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பும் பாயிண்ட் ஒயரிங்குக்குச் செம்பில் 1.5 சதுர மி.மீ.யைத்தான் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. எம்.சி.பி. 16 ஆக இருந்தால் ஒயர் 2.5, 20 ஆக இருந்தால் 4. பக்கத்தில் பவர் லைன் மட்டுமே இருக்கிறது, வேறு வழியில்லை என்றால், கிளை பிரிகிற இடத்திலேயே ஒரு சிறு பெட்டியில் 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைப் போட்டு, அதற்குப் பிறகுதான் 1.5-க்கு இறங்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்த மார்கழிக் காலையில் 11 ஆம்பியர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அது இறங்கியிருக்கும். வீட்டார் அந்தப் பையனைத் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

## பழைய ஒயரைக் கண்ணால் அளப்பது

உறையின் தடிமனைப் பார்த்து ஒயரின் தடிமனைச் சொல்லக் கூடாது. புதிய ஒயரில் அளவு உறைமேலேயே அச்சிட்டிருக்கும். டெல்டாப் பக்கத்துப் பழைய வீடுகளில் 3/22, 1/18 என்ற கேஜ் கணக்கு ஒயர்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய 1.2 சதுர மி.மீ.தான், 3/20 என்பது 2-க்குச் சற்றுக் குறைவு. இத்தகைய லைனில் புதுப் பாயிண்ட் சேர்க்கும்போது எம்.சி.பி. 6-ஐத் தாண்டக் கூடாது.

## அலுமினியத்தோடு செம்பை முறுக்கிக் கட்டுவது

கூடவே கூடாது.

## நிறைந்த பைப்பில் "இன்னும் ஒன்று" இழுப்பது

கூரையிலிருந்து சுவிட்ச் போர்டுக்கு இறங்குகிற பைப் பெரும்பாலும் முக்கால் இன்ச், அதாவது 20 மி.மீ. பைப்பாகத்தான் இருக்கும். அதன் உள் விட்டம் ஏறக்குறைய 16, 17 மி.மீ.; 1.5 ஒயர் உறையோடு சேர்த்துச் சுமார் 3 மி.மீ. தடிமன். பைப்பின் வாயில் நாற்பது விழுக்காட்டை மட்டும் நிரப்பலாம் என்ற கணக்கை அப்படியே போட்டால் பன்னிரண்டு ஒயர் போகும் என்று வரும். அந்தக் கணக்கு நேரான பைப்புக்கும் மேசைமேல் இருக்கிற காகிதத்துக்கும் பொருந்தும். இரண்டு பெண்டு உள்ள பைப்பில் ஐந்துக்கு மேல் நான் போடுவதில்லை. ஓர் அறையில் பேஸ், நியூட்ரல், எர்த், இரண்டு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் தனித்தனி ஒயர் என்று எண்ணினாலே ஆறாகிவிடுகிறது. புதுப் பாயிண்ட் கேட்கும் முன்பே பைப் நிறைந்துபோயிருக்கிறது என்பதுதான் பல வீடுகளின் நிலை.

அதில் ஏழாவது ஒயரை ஸ்பிரிங்கில் கட்டி இழுக்கும்போது, அது பெண்டில் பழைய ஒயர்களின்மேல் அழுந்தித் தேய்ந்துகொண்டே வருகிறது. கையால் வராததைப் பிளையரால் பிடித்து இழுத்தால் ஒயர் வந்துவிடும். பைப் வாயில் சிவப்பும் கறுப்புமாக நூல் நூலாக உறைத் துகள் உதிர்ந்திருந்தால், உள்ளே பழைய ஒயரின் தோல் உரிந்துவிட்டது என்று பொருள். கோடையில் அது ஒன்றும் காட்டாது. ஐப்பசி அடைமழையில் சுவர் ஓதம் ஏறி, பைப்புக்குள் ஈரம் இறங்கியதும், மின்கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி., காரணமே இல்லாததுபோல் இறங்கத் தொடங்கும். வீட்டார் மழையைக் குறைசொல்வார்கள்.

ஆகையால் இழுக்கத் தொடங்கும் முன் கூரைப் பெட்டியைத் திறந்து, எத்தனை ஒயர் இறங்குகிறது என்று எண்ண வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் அந்தக் கூரைப் பெட்டியிலேயே அதே லைட் லைனுக்குரியவையாகக் கிடைக்குமானால், சுவிட்சிலிருந்து மேலே போக வேண்டியது ஒரே ஒரு ஒயர்தான். பழகுகிறவர்கள் அது தெரியாமல் மூன்றையும் இழுக்கிறார்கள். அந்த ஒன்றுக்கும் இடமில்லை என்றால், எல்லா ஒயரையும் வெளியே எடுத்து, பழைய ஒயர் ஒன்றையே இழுகயிறாக வைத்து, முகப்பவுடர் தடவி, அனைத்தையும் ஒரே கட்டாகத் திரும்ப இழுப்பது ஒரு வழி. எண்ணெயும் கிரீசும் தடவுவது பி.வி.சி.யைக் கெடுக்கும். ஒரே கட்டாக இழுத்தாலும் ஐந்துக்கு மேற்பட்டவை இறுக்கமாகவே போகும் என்பதால், புதுப் பாயிண்டுக்குத் தனிப் பைப்போ சுவர்மேல் கேசிங்கோ போடுவதையே நான் விரும்புவேன்.

## எல்லா இடத்திலும் 25 மி.மீ. பைப்

புதிதாகப் போடுகிற பைப் பெரிதாக இருப்பது நல்லதுதான். பின்னால் வருகிறவனுக்கு இடமிருக்கும். ஆனால் நாலரை அங்குல அரைக்கல் சுவரில் 25 மி.மீ. பைப்பையும் அதன்மேல் பூச்சையும் வைக்கக் காடி வெட்டினால், சுவரின் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தச் சுவரில் 20 மி.மீ. பைப்பைச் செங்குத்தாக மட்டும் இறக்கலாம். குறுக்கே வெட்டுவதாக இருந்தால் கேசிங் போட்டுவிடுவது மேல். பழைய ஒன்றரைக்கல் சுவரில் இந்தக் கவலை இல்லை.

## எல்போ

திருப்பத்தில் எல்போ வேண்டாம், நீள பெண்டு போட வேண்டும். இரண்டு பெண்டுக்கு மேல் போனால் நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டும்.

## விளக்கு எரிந்ததும் பூசிவிடுவது

விளக்கு எரிவது ஒயர் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. பூசுவதற்கு முன் மெயினை அணைத்து, பல்பையும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரையும் கழற்றி, சுவிட்சை ஆன் செய்து, ஒயர் உறையின் காப்பை அளக்கிற 500 வோல்ட் மெக்கரால் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும் பார்க்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் பார்க்கும்போது, டி.பி.யில் அந்த நியூட்ரலையும் கழற்றியிருக்க வேண்டும். புதிதாக இழுத்த ஒயரில் பல பத்து மெகாஓம் காட்ட வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ தோல் உரிந்திருக்கிறது, அந்தப் பைப்பைத் திரும்பப் பிரித்தே ஆக வேண்டும். பழைய ஒயரும் புது ஒயரும் சேர்ந்து ஓடுகிற பைப்பில், இழுப்பதற்கு முன் ஒருமுறையும் இழுத்த பின் ஒருமுறையும் அளந்து இரண்டு எண்களையும் டி.பி. கதவின் உட்பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த மழையில் ஆர்.சி.சி.பி. இறங்கும்போது எந்தப் பைப்பிலிருந்து தேடத் தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.