சராசரி ஆழம் 8.5தான், பிறகு ஏன் தேடல் இழுக்கிறது? உள்பாதை நீளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருமத் தேடல் மரம் எழுதிப் பழகுபவர்களின் நிரல்களைப் பார்த்துத் திருத்தித் தரும் வேலை எனக்கு அடிக்கடி வரும். நாங்கள் பழகிய காலத்தில் எங்களுக்குள் சுற்றிய அதே தப்புக் கணக்குகள் இன்றும் அச்சு மாறாமல் வருகின்றன. இடது, வலது மாறிப்போவது, வெற்று மரத்தைச் சோதிக்க மறப்பது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிரல் சரியாக ஓடி, விடையும் சரியாக வந்து, அந்த விடையை வைத்து எடுக்கிற முடிவு மட்டும் தவறிப்போகும் இடங்கள்தான் எனக்குக் கவலை.

முதலில் கணக்கு. வேரின் ஆழம் 0, அதன் பிள்ளைகளுக்கு 1, பேரப்பிள்ளைகளுக்கு 2. இப்படி எல்லாக் கணுக்களின் ஆழத்தையும் கூட்டினால் வருவது உள்பாதை நீளம். இதை I என்று வைத்துக்கொள்வோம். கணுக்களின் எண்ணிக்கை n என்றால், I / n சராசரி ஆழம்.

ஆழத்தையே தேடல் செலவு என்று எழுதுவது

ஆழம் 3-இல் இருப்பதைக் கண்டுபிடிக்க 4 கணுக்களைத் தொட வேண்டும். செலவு I / n + 1.

உயரத்தைப் பார்த்துப் பயப்படுவது

1023 கணுக்கள் கொண்ட முழுமையான மரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 9, I = 8194, சராசரி ஆழம் 8.01. இதன் வலது ஓரத்தில், கடைசி இலைக்குக் கீழே 31 கணுக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் ஆழம் 10-இலிருந்து 40 வரை போகும், கூட்டினால் 775. இப்போது I = 8969, n = 1054, சராசரி 8.51. உயரம் 9-இலிருந்து 40-க்குத் தாவியிருக்கிறது, சராசரியோ அரைப்படிதான் ஏறியிருக்கிறது. உயரம் சொல்வது மிக மோசமான ஒரு தேடலைப் பற்றி மட்டும்.

இதைப் புரிந்துகொண்டதும் பலருக்கு ஒரு நிம்மதி வருகிறது. "அப்போ சங்கிலி இருந்தாலும் பரவாயில்லை, சராசரி நன்றாகத்தானே இருக்கிறது?" அடுத்த தவறு அந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது. எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அதுதான்.

எல்லாக் கணுவையும் சம அளவில் தேடுவார்கள் என்று நம்புவது

ஓர் இடத்தில் பதிவுகளை எண் வரிசையில் ஒரு மரத்தில் வைத்திருந்தார்கள். தினமும் இரவில் மரத்தைக் கலைத்துச் சமமாகக் கட்டுவார்கள். பகலில் வருகிற புதிய பதிவுகள் அப்படியே சேர்க்கப்படும். புதிய எண் எப்போதும் இருப்பதிலேயே பெரியது. அதனால் ஒவ்வொன்றும் வலது ஓரத்தில் முந்தைய எண்ணுக்குக் கீழே போய் உட்காரும். மேலே சொன்ன சங்கிலி உருவாவது இப்படித்தான். மாலையில் தேடல் மந்தமாகிறது என்று புகார் வந்தது. பொறுப்பில் இருந்தவர் I / n கணக்கிட்டுப் பார்த்தார், அரைப்படிதான் கூடியிருந்தது. மரத்தில் கோளாறில்லை என்று எழுதிவிட்டார். அப்புறம் வட்டு, வலையமைப்பு, நினைவகம் என்று மற்ற எல்லாவற்றையும் நோண்டினார்கள்.

அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: எதைத் தேடுகிறார்கள்? அன்று வந்த பதிவைத்தான் அன்று திரும்பத் திரும்பத் திறப்பார்கள். பத்தில் எட்டுத் தேடல் அந்தச் சங்கிலிக்குள் போகிறது என்று வைத்து, அதே 1054 கணு மரத்தில் கணக்குப் போடுவோம். சங்கிலியின் சராசரி ஆழம் 25, ஆகவே ஒரு தேடலுக்கு 26 கணுக்கள். பழைய பகுதிக்கு 9.01. மொத்தச் செலவு 0.8 × 26 + 0.2 × 9.01, அதாவது 22.6. I / n + 1 சொன்னதோ 9.51. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! வகுத்தலில் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொரு கணுவும் சம அளவில் தேடப்படும் என்ற அனுமானம் I / n-க்குள்ளேயே இருக்கிறது. அந்த மரத்தில் அது ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை.

எண்ணவேண்டியது எடையிட்ட பாதை நீளம். ஒவ்வொரு கணுவும் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதை அந்தக் கணுவிலேயே `hits` என்று எண்ணி வையுங்கள்.

```python
def cost(node, d=1):
    if node is None:
        return 0
    return (node.hits * d
            + cost(node.left, d + 1)
            + cost(node.right, d + 1))
```

வருவதை மொத்தத் தேடல் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான சராசரிச் செலவு கிடைக்கும். `hits` எல்லாம் 1 என்றால் இதே நிரல் I + n தரும், வகுத்தால் பழைய I / n + 1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அருகருகே இருந்தால் I / n-ஐ நம்பலாம். விலகியிருந்தால் தேடல் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த 31 புதிய கணுக்களை மட்டும் ஒரு முழுமையான மரமாகக் கட்டி மேலே வைப்போம். அதில் மிகச் சிறிய எண் ஆழம் 4-இல் இருக்கும். பழைய எண்கள் எல்லாம் அதைவிடச் சிறியவை, ஆகவே 1023 கணு மரத்தை அப்படியே அதன் இடது பிள்ளையாக மாட்டிவிடலாம். பழைய கணு ஒவ்வொன்றும் 5 படி கீழே இறங்கும். I = 98 + 8194 + 5115 = 13407; சராசரி ஆழம் 12.72. I / n-ஐ மட்டும் பார்ப்பவர் மரத்தைக் கெடுத்துவிட்டதாகச் சொல்வார். ஆனால் அதே தேடல் பழக்கத்தில் புதியவற்றுக்கு 4.16, பழையவற்றுக்கு 14.01, சேர்த்துப் பார்த்தால் 6.1 கணுக்கள். சராசரி ஆழம் 8.51-இலிருந்து 12.72-க்கு ஏறியது, தேடல் செலவு 22.6-இலிருந்து 6.1-க்கு இறங்கியது.

தேடல் பழக்கம் முன்கூட்டியே தெரிந்தால் இப்படிக் கையால் அமைக்கலாம். தெரியாமல், நாளுக்கு நாள் மாறுகிறது என்றால், தொட்ட கணுவை வேருக்குக் கொண்டுவரும் ஸ்ப்ளே மரம் இருக்கிறது. ஸ்லீட்டர், டார்ஜன் இருவரும் 1985-இல் வெளியிட்டது.

கிடைக்காத தேடலுக்கும் I / n-ஐயே பயன்படுத்துவது

இல்லாத எண்ணைத் தேடினால் பயணம் மரத்துக்கு வெளியே, ஒரு வெற்றிடத்தில் முடியும். அந்த வெற்றிடங்களின் ஆழங்களைக் கூட்டியது வெளிப்பாதை நீளம் E. எப்போதும் E = I + 2n. காரணம் எளிது: ஆழம் d-இல் இருந்த வெற்றிடத்தில் ஒரு கணுவை வைத்தால் I-இல் d கூடும், E-இல் d போய், அதன் இரு பக்கமும் d + 1 ஆழத்தில் இரண்டு வெற்றிடம் வரும். ஒவ்வொரு கணுவுக்கும் வித்தியாசம் 2 வளரும். சங்கிலி உள்ள நம் மரத்தில் E = 11077, வெற்றிடங்கள் 1055, சராசரி 10.5. இங்கேயும் அதே எச்சரிக்கைதான். அடுத்த புதிய பதிவு வரும்போது அது விழப்போவது கடைசி வெற்றிடத்தில் மட்டும், அதற்கு 41 கணுக்களைத் தொட வேண்டும்.

1.39 log₂ n என்று மனப்பாடமாகச் சொல்வது

சராசரித் தேடல் செலவு ஏறத்தாழ அவ்வளவு என்பது, சீரற்ற வரிசையில் நுழைத்த, எதையும் நீக்காத பெரிய மரத்துக்கு.

பாதை நீளம் கணக்கிடும் நிரலே விழுவது

மேலே உள்ளது தன்னையே அழைக்கும் நிரல். சங்கிலி ஆயிரத்தைத் தாண்டினால் பைத்தானின் இயல்பான வரம்பில் அது `RecursionError` தரும். அதைக் கண்டதும் வரம்பை உயர்த்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஆயிரம் ஆழத்துக்கு மரம் ஏன் இறங்கியது என்று முதலில் பாருங்கள்.