பயனர்பெயர் வைக்கும்போது காது படும் பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

malar_kitchen, malar__kitchen, _malar_kitchen_ ஆகிய மூன்றும் வெவ்வேறு கணக்குகள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. பார்வையற்றவர்கள் விண்டோஸ் கணினியில் பரவலாகப் பயன்படுத்தும் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவில் இவற்றைக் கேட்டால், மூன்றும் ஒரே பெயர்தான். குறியீடுகளை எந்த அளவுக்கு உச்சரிக்க வேண்டும் என்பதற்கு அதில் பல படிகள் உண்டு. நிறுவியதும் இருக்கும் படியில் அடிக்கோடு ஒலிப்பதில்லை. படியை உயர்த்தினால் ஒவ்வோர் அடிக்கோடும் ஒரு சொல்லாக ஒலித்துக் காதைக் குடையும். அதனால் பெரும்பாலானவர்கள் உயர்த்துவதில்லை.

விரும்பிய பெயரை வேறொருவர் எடுத்துவிட்டால், முன்னும் பின்னும் இரண்டு கோடு போட்டு வேலையை முடித்துக்கொள்வதுதான் நம் வழக்கம். தவறுகளில் மோசமானது இதுதான் என்பேன். மற்றவை கேட்பவருக்கு எரிச்சலூட்டும். இதுவோ அவரை வேறொருவர் கணக்குக்கு அனுப்பிவிடும். பணம் கேட்டு வரும் போலிக் கணக்கும் இதே ஓட்டையில்தான் நுழைகிறது. பெயர் கிடைக்காவிட்டால் ஊரையோ தொழிலையோ குறிக்கும் ஒரு சொல்லைச் சேருங்கள். malar_podi_madurai என்பது நீளம்தான், ஆனால் காதில் தெளிவாக விழுகிறது.

அடுத்தது பெரிய எழுத்துகள். சிறிய எழுத்துக்குப் பின் பெரிய எழுத்து வந்தால், அங்கே புதிய சொல் தொடங்குகிறது என்று பல பேச்சுக் குரல்கள் எடுத்துக்கொள்கின்றன. MaLaRkItChEn என்று அலங்காரமாக எழுதினால் ‘மா, லா, ஆர்கே, இட்’ என்பதுபோல் துண்டு துண்டாக வந்து விழும். அதே இயல்பை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். malarkitchen என்று ஒட்டி எழுதினால் எங்கே பிரிப்பது என்று குரல் தடுமாறக்கூடும். MalarKitchen என்றால் சரியான இடத்தில் பிரிக்கும். எக்ஸ் தளம் நாம் இட்ட பெரிய எழுத்தை அப்படியே காட்டும். இன்ஸ்டாகிராமில் எல்லாமே சிறிய எழுத்துதான். அங்கே சொற்களுக்கு நடுவே ஒரே ஓர் அடிக்கோடு போதும். புள்ளி வைத்து malar.kitchen என்று எழுதாதீர்கள். என்விடிஏ அதை ‘டாட்’ என்று வாசிக்கும். போதாக்குறைக்கு .kitchen என்று முடியும் இணைய முகவரிகள் உண்மையிலேயே இருப்பதால், கேட்பவர் அதை ஒரு வலைத்தளம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்குப் பதில் எண் போடுவதும் உயிரெழுத்தை விழுங்குவதும் ஒரே குடும்பத்துத் தவறுகள். k1tchen என்பதில் நடுவே ‘ஒன்று’ வந்து சொல்லை உடைக்கும். mlrktchn என்பதை உச்சரிக்க வழியில்லாமல் குரல் எழுத்தெழுத்தாகச் சொல்லும், அல்லது ஏதோ முனகும். ஆங்கிலத்தில் பி, டி, வி, ஈ எல்லாம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எம், என் இரண்டும் அப்படியே. சந்தேகம் தீர, என்விடிஏ பயனர் அந்த எழுத்தில் நின்று விசைப்பலகை எண்தளத்தின் 2ஐ இருமுறை அழுத்தி, பிக்கு ‘பிராவோ’, டிக்கு ‘டெல்டா’ என்று விளக்கம் கேட்க வேண்டியிருக்கும். malaaaar போன்ற நீட்டலில் எத்தனை ஏ என்பதையும் இப்படித்தான் எண்ணியாக வேண்டும்.

அலங்கார எழுத்துகளைப் பெரும்பாலும் பயனர்பெயரில் ஏற்க மாட்டார்கள். ஆனால் அதற்கு மேலே தெரியும் காட்சிப்பெயரில் ஏற்பார்கள். 𝓜𝓪𝓵𝓪𝓻 என்பதில் இருப்பவை சாய்ந்த எழுத்துகள் அல்ல, யூனிகோடில் உள்ள கணிதக் குறிகள். சில திரைவாசிப்பான்கள் முதல் குறி ஒன்றையே ‘மேத்தமேட்டிக்கல் போல்டு ஸ்கிரிப்ட் கேப்பிடல் எம்’ என்று படிக்கும். அப்படி ஐந்து முறை. சில ஒன்றுமே சொல்லாமல் தாண்டிவிடும். என்விடிஏ 2024.3 பதிப்பு இவற்றைச் சாதாரண எழுத்தாக மாற்றி வாசிக்கும் வசதியைத் தந்தது. எல்லோரிடமும் அந்தப் பதிப்பு இருக்கும் என்று நம்பி எழுத முடியாது.

தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கல். Yazhini என்பதில் உள்ள zh ஆங்கிலக் குரலுக்கு ழகரம் அல்ல. குரல் சரியாகச் சொல்லட்டும் என்று எழுத்தைக் கோணலாக்கிப் பார்ப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். ஒரு குரலுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பிரெயில் திரையில் விரலால் படிப்பவருக்கும் பெயரைத் தட்டித் தேடுபவருக்கும் அந்தக் கோணல் இடைஞ்சலாகிவிடும். உச்சரிப்பு சற்றுப் பிசகினாலும், வழக்கமான எழுத்துக்கூட்டலே இருக்கட்டும்.

பதிவு செய்யும் முன் ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானை இயக்கி, அந்தப் பெயரை ஒரு வாக்கியத்தின் நடுவே வைத்துக் கேளுங்கள். பெயரை முன்பே அறிந்த உங்கள் காதுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். ஆகவே, அதைப் பார்க்காத ஒருவரிடம் ஒலியை மட்டும் கேட்கவைத்து, தேடல் பெட்டியில் தட்டச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ, மாற்ற வேண்டியது அந்த எழுத்தைத்தான்.