“ஆறு பேரைக் கைது செய்யப்பட்டனர்” என்று எழுதாதீர்கள்

திருகோணமலையில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் ஒரு மொழிபெயர்ப்பு வகுப்பு நடத்துகிறேன். வருகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். சந்தையிலும் பஸ்சிலும் சிங்களம் பேசுவார்கள், அலுவலகக் கடிதங்களை ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் செய்யும் தவறுகளும் மூன்று மொழிகளுக்கு நடுவேதான் நடக்கின்றன. செய்தி எழுதச் சொன்னால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இப்படி ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்துவிடுவார்:

“சட்டவிரோதமாக மீன் பிடித்த ஆறு பேரைக் கடற்படையினரால் கைது செய்யப்பட்டுள்ளனர்.”

வாசிக்கும்போது பலருக்கு இது உறுத்தாது. “எல்லாம் சரியாத்தானே இருக்கு ரீச்சர்?” என்றுதான் கேட்பார்கள். சரி, பிரித்துப் பார்ப்போம். செய்வினையில் இது “கடற்படையினர் ஆறு பேரைக் கைது செய்தனர்” என்று இருந்திருக்கும். கடற்படையினர் எழுவாய். ஆறு பேர் செயப்படுபொருள், அதனால் ‘ஐ’ உருபு ஏறியிருக்கிறது. இதைச் செயப்பாட்டு வினையாக்கும்போது இரண்டு வேலைகள் நடக்கவேண்டும். ஒன்று, செய்தவரை எழுவாய் இடத்திலிருந்து இறக்குவது. இறங்கியவர் ‘ஆல்’ உருபோடு ஓரமாக நிற்கலாம், வாக்கியத்தைவிட்டே போயும் விடலாம். மற்றது, செயப்படுபொருளின் ‘ஐ’யைக் கழற்றிவிட்டு அதை எழுவாயாக ஏற்றுவது. ஏறியபின் வினைமுற்று அதற்குத்தான் இணங்கவேண்டும்.

பிள்ளைகளின் வாக்கியத்தில் முதல் வேலை முடிந்திருக்கிறது. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. ‘செய்யப்பட்டுள்ளனர்’ என்ற வினைமுற்று பலர்பாலில் இருக்கிறது, அதாவது ‘ஆறு பேர்’தான் எழுவாய் என்று அது சொல்கிறது. ஆனால் அந்த ஆறு பேரில் ‘ஐ’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடற்படையினருக்கோ ‘ஆல்’ வந்துவிட்டது. வாக்கியம் முழுக்கத் தேடினாலும் எழுவாயாக நிற்கக்கூடிய, உருபு ஏறாத பெயர் ஒன்றும் கிடைக்காது. வினைமுற்றுக்கு எழுவாயே இல்லை. “ஆறு பேர் கடற்படையினரால் கைது செய்யப்பட்டுள்ளனர்” என்றால் வேலை முடிந்தது. சந்தேகம் வந்தால் பொருளை மாற்றிப் பாருங்கள்: ஒரு படகு கைப்பற்றப்பட்டது, பத்துப் படகுகள் கைப்பற்றப்பட்டன, படகோட்டி விடுவிக்கப்பட்டார். வினைமுற்றின் வால் எதைப் பின்தொடர்ந்து மாறுகிறதோ அதுதான் எழுவாய்.

இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே செயல் என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர். அவை வெவ்வேறு என்பதை வேறு மொழிகள் தெளிவாகக் காட்டுகின்றன. போலந்து மொழியில் ‘பள்ளி’ எழுவாயாக வரும்போது ‘ஷ்கோவா’, செயப்படுபொருளாக வரும்போது ‘ஷ்கோவெ’. “பள்ளி கட்டப்பட்டது” என்ற கருத்தை அவர்கள் “ஷ்கோவெ ஸ்புடொவானோ” என்று சொல்லலாம். கட்டியவர் காணாமல் போய்விட்டார், பள்ளியோ செயப்படுபொருள் வடிவிலேயே இருக்கிறது. நம் மொழியில் அதை அப்படியே சொன்னால் “பள்ளியைக் கட்டப்பட்டது” என்று வரும். தமிழில் தவறென்று நான் சிவப்பு மையால் அடிப்பது அங்கே இலக்கணம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: போலந்து மொழியின் இந்த வினை எதற்கும் இணங்காமல் ஒரே வடிவில் நிற்கும். நம் பிள்ளைகள் ‘செய்யப்பட்டனர்’ என்று வினையை இணங்கவைத்துவிட்டுப் பெயரில் ‘ஐ’யை விட்டுவைக்கிறார்கள். அதுதான் பொருந்தாமல் போகிறது.

ஜெர்மன் இன்னும் ஒரு படி போகிறது. அங்கே செயப்படுபொருளே இல்லாத வினையையும் செயப்பாட்டாக்கலாம். “ஹீயர் விர்ட் கெடான்ஸ்ட்” என்றால் இங்கே நடனம் நடக்கிறது, ஆடுவது யார் என்று சொல்லவில்லை. ஏற்றுவதற்கு எதுவும் இல்லை, இறக்கல் மட்டும் நடந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத் தமிழில் “இங்கே தூங்கப்படும்” என்று எழுதிவிடக்கூடாது. நமக்குச் செயப்படுபொருள் குன்றா வினை வேண்டும்.

அப்புறம் ‘கு’ உருபு. இங்கேதான் ஆங்கிலம் நம்மை அதிகம் வழிதவறச் செய்கிறது. ஆங்கிலத்தில் பரிசு பெற்ற மாணவியையே எழுவாயாக்கிவிடலாம். அதைப் பார்த்து மொழிபெயர்த்த ஒரு பிள்ளை “மாணவி ஒரு பரிசு கொடுக்கப்பட்டாள்” என்று எழுதினாள். தமிழில் இதை வாசித்தால் மாணவியையே யாருக்கோ கொடுத்துவிட்டதுபோல இருக்கிறது. நம் மொழியில் ‘ஐ’ ஏற்ற பொருள்தான் ஏறும், ‘கு’ ஏற்றவர் இருந்த இடத்திலேயே இருப்பார்: “மாணவிக்கு ஒரு பரிசு கொடுக்கப்பட்டது.” ஜெர்மனும் இந்த விஷயத்தில் நம் பக்கம். ‘உதவு’ என்ற வினை அங்கே நான்காம் வேற்றுமை போன்ற ஒன்றைக் கேட்கும். செயப்பாட்டிலும் “ஈம் வூர்டெ கெஹோல்ஃபன்”, ‘அவனுக்கு’ என்பது ‘அவனுக்கு’தான். ஆங்கிலம் ஏற்றுகிற எல்லாவற்றையும் மற்ற மொழிகளும் ஏற்றும் என்று நினைக்கவேண்டாம்.

இடமாற்றத்தை ஏற்றம் என்று நினைப்பதும் உண்டு. “இந்த வலையை என் மாமா பின்னினார்” என்றால் வலை முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘ஐ’ போகவில்லை, வினை மாமாவுக்கே இணங்குகிறது. ஆங்கிலத்தில் சொல்வரிசை எழுவாயைக் காட்டும், தமிழில் உருபும் வினைமுற்றும்தான் காட்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ‘படு’வே இல்லாமல் பொருள் ஏறுவது. செயப்படுபொருளைத் தானே செய்ததுபோலச் சொல்வதும் வழக்குத்தான் என்கிறது தொல்காப்பியம். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் “திண்ணை மெழுகிற்று”. திண்ணை எதையும் மெழுகாது, யாரோ திண்ணையை மெழுகினார்கள். இன்றைக்கும் நாம் “கதவு பூட்டியிருக்கிறது” என்று அப்படித்தான் சொல்கிறோம். பூட்டியவரைக் காணோம், கதவில் ‘ஐ’ இல்லை, ‘படு’வும் இல்லை. இதைத் திருத்துகிறேன் என்று “கதவு பூட்டப்பட்டிருக்கிறது” என்று எல்லா இடத்திலும் மாற்றும் பிள்ளைகளை நான் தடுக்கிறேன். அது தவறான வாக்கியம் இல்லை, ஆனால் முதலாவதும் தவறு இல்லை. பேச்சில் செய்தவரை இறக்க நமக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: “கரண்டை நிப்பாட்டிப்போட்டாங்கள்.” அந்த ‘அவங்கள்’ யாரென்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் செயப்பாட்டைக் கண்டவுடன் ‘படு’வைத் தேடாமல், இந்த வழிகளில் எது இயல்பாக வருகிறது என்று முதலில் பாருங்கள்.

‘படு’ இருந்தால் செயப்பாட்டு வினை என்பதும் சரியில்லை. கஷ்டப்பட்டேன், கோபப்பட்டார், அடிபட்டான் எல்லாம் பெயர்ச்சொல்லோடு ‘படு’ சேர்ந்தவை. அங்கே இறக்கப்பட்ட ஆள் யாரும் இல்லை. ‘அடிக்கப்பட்டான்’ என்பதில் ‘அடிக்க’ என்ற வினையெச்சம் இருக்கிறது, அடித்தவர் ஒருவர் இருக்கிறார். சைக்கிளில் விழுந்தவன் அடிபட்டான், அவன் அடிக்கப்படவில்லை.

இதிலிருந்துதான் கடைசித் தவறுக்கு வருகிறேன், மொழிபெயர்ப்பில் ஆட்களுக்கு உண்மையான பாதிப்பு வருவது இங்கேதான். செய்தவரை இறக்குவது வேறு, செய்தவரே இல்லாமல் சொல்வது வேறு. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கிய அதே நாளில், இங்கிருந்து புறப்பட்டுப் போயிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலுக்கடியில் போனது. “ஹெர்மிஸ் மூழ்கியது” என்றால் மூழ்கியது என்பது மட்டும்தான் செய்தி. “ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது” என்றால் விமானங்களைப் பற்றி ஒரு சொல் இல்லாவிட்டாலும் யாரோ செய்தார்கள் என்பது உள்ளே இருக்கிறது. சோதிக்க ஒரு வழி: ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைச் சேருங்கள். “படகு வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது” பொருந்தும், “படகு வேண்டுமென்றே மூழ்கியது” பொருந்தாது. ‘தானாக’ என்ற சொல்லைச் சேர்த்தால் இதே முடிவு தலைகீழாக வரும். ‘ஆல்’ உருபை நம்பி முடிவெடுக்கவேண்டாம். “காற்றால் படகு கவிழ்ந்தது” என்பதில் ‘ஆல்’ காரணத்தைக் காட்டுகிறது, அது செயப்பாட்டு வினை இல்லை.

சிங்களத்தில் இந்த எல்லை இன்னும் நுட்பமாகப் போகிறது. எழுத்துச் சிங்களத்தில் செயப்பாட்டு உண்டு: “மா விசின் லிபிய லியன லதி”, கடிதம் என்னால் எழுதப்பட்டது. ‘விசின்’ நம் ‘ஆல்’போல. பேச்சுச் சிங்களத்தில் கேட்பது வேறு: “மகே அதின் கோப்பே பிந்துணா.” ‘அதின்’ என்றால் கையால் என்று வரும், அதனால் பிள்ளைகள் உடனே “என்னால் கோப்பை உடைக்கப்பட்டது” என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ‘பிந்துணா’ எண்ணாமல் நடந்ததைச் சொல்லும் வினை. பேசியவர் சொன்னது “என் கைதவறிக் கோப்பை உடைந்துவிட்டது” என்பதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் சிங்கள வாக்குமூலத்தை இப்படித்தான் தமிழாக்கி வைத்திருந்தார்கள். தன் கையில் இருந்த போத்தல் தவறி விழுந்து உடைந்ததை அவர் ‘அதின்’ போட்டுச் சொல்லியிருந்தார். தமிழில் “போத்தல் அவரால் உடைக்கப்பட்டது” என்று இருந்தது. சரிபார்க்கும்படி என்னிடம் வந்தபோது நான் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை அந்த வாக்கியத்தில் வைத்துக் காட்டினேன். இடறாமல் பொருந்தியது. சிங்கள வாக்கியத்தில் அதே சொல்லை வைத்தபோது பொருந்தவில்லை. பிறகு அந்த வரியை வெட்டி, “அவருடைய கை தவறிப் போத்தல் உடைந்தது” என்று எழுதி, பக்கத்தில் கையொப்பம் வைத்தார்கள்.