மூன்று நாள் அலைக்கழித்த லாக் வருமானம்

மூன்று ஆண்டு வருமானம்: 50% ஏற்றம், 40% இறக்கம், 20% ஏற்றம். 1.5 × 0.6 × 1.2 = 1.08, அதாவது மொத்தம் 8%. ஆனால் இந்த மூன்று எண்களுக்கும் லாகரிதம் எடுத்து, அந்த லாக் வருமானங்களைக் கூட்டி `EXP` போட்டு 1-ஐக் கழித்தால் என் விரிதாளில் 3.4% தான் வந்தது.

முதலில் தசம இடங்களைச் சுருக்கியதால் வந்த பிழை என்று நினைத்தேன். அப்புறம் ஏதோ ஒரு வரிசை விடுபட்டிருக்கும் என்று தேடினேன். இரண்டும் இல்லை. ஏற்றத்துக்குக் கூட்டல் குறி, இறக்கத்துக்குக் கழித்தல் குறி என எல்லாம் சரியாகவே இருந்ததால்தான் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் முதல் ஆண்டை மட்டும் தனியே திருப்பிப் பார்த்தேன். 50% வர வேண்டிய இடத்தில் 19.3%! நான் போட்டிருந்தது `LOG`. அடிமானம் எதுவும் கொடுக்காவிட்டால் அது 10-ஐ எடுத்துக்கொள்ளும். `EXP`-க்கு ஜோடி `LN`.

```
=LN(1.5)+LN(0.6)+LN(1.2)
=EXP(0.07696)-1
```

முதல் வரி 0.07696, இரண்டாவது 8%. அப்பாடா!

ஆண்டு வீதத்துக்கு 0.07696-ஐ 3-ஆல் வகுத்தால் 2.57%. இது தொடர்கூட்டு வீதம். இதையும் `EXP`-இல் போட்டு 1-ஐக் கழித்தால்தான் உண்மையான ஆண்டு வீதம் 2.60% கிடைக்கும்.