மூலைவிட்டச் சுடோகு: நடுப்பெட்டியிலிருந்து தொடங்கும் முறை

வழக்கமான சுடோகுவில் ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்றான ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரையிலான எண்கள் ஒருமுறை மட்டுமே வரவேண்டும். மூலைவிட்டச் சுடோகுவில் இவற்றோடு, மூலைக்கு மூலை செல்லும் இரண்டு நீண்ட மூலைவிட்டங்களிலும் ஒன்பது எண்களும் தலா ஒருமுறை வரவேண்டும். குறுக்கே செல்லும் மற்றச் சிறு சாய்கோடுகளுக்கு இந்த விதி பொருந்தாது. சாதாரணப் புதிருக்கு ஒரே விடை அமைய 17 எண்களாவது முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்று 2012இல் கணினி வழியே உறுதிசெய்தார்கள். இந்த வகையில் அதைவிடக் குறைந்த எண்களே போதுமானதாக இருக்கலாம். ஆகவே மூலைவிட்டங்களைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

கட்டங்களைக் குறிக்க, முதலில் வரிசை எண்ணையும் அடுத்து நெடுவரிசை எண்ணையும் எழுதுவோம்: (1,2) என்பது முதல் வரிசையின் இரண்டாம் கட்டம். (1,1) இலிருந்து (9,9) வரை செல்வதை இறங்கு மூலைவிட்டம் என்றும், (9,1) இலிருந்து (1,9) வரை செல்வதை ஏறு மூலைவிட்டம் என்றும் அழைப்போம்.

படி 1: நடுப்பெட்டியைப் பாருங்கள்

மூலைவிட்டங்களைத் தொடாத ஒரு கட்டத்தில் எண்ணை இட்டால், அதே எண் வேறு 20 கட்டங்களில் வர முடியாது. மூலைவிட்டத்தில் இருக்கும் கட்டமானால் அது 26 ஆகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் (5,5) இல் 32 ஆகிறது. அந்த மையக் கட்டம் இருக்கும் நடுப்பெட்டியில்தான் இந்த விதியின் பிடி மிகவும் இறுக்கமாக இருக்கிறது.

இறங்கு மூலைவிட்டத்தின் ஒன்பது கட்டங்களில் மூன்று நடுப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஆறு வெளியே, இடது மேல் பெட்டியிலும் வலது கீழ்ப் பெட்டியிலும் இருக்கின்றன. நடுப்பெட்டியும் ஒன்பது எண்களைக் கொண்டது, மூலைவிட்டமும் ஒன்பது எண்களைக் கொண்டது, இரண்டுக்கும் மூன்று கட்டங்கள் பொது. எனவே மூலைவிட்டத்தின் வெளி ஆறு கட்டங்களில் வரும் எண்களும், நடுப்பெட்டியில் அந்த மூலைவிட்டத்தைத் தொடாத ஆறு கட்டங்களில் வரும் எண்களும் ஒன்றேதான். ஏறு மூலைவிட்டத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். புதிரைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது இந்த உறவைத்தான்.

படி 2: ஓர் எண்ணைப் பின்தொடருங்கள்

7 என்ற எண் (1,2) இலும் (9,7) இலும் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முதலாவது இடது மேல் பெட்டியில் இருப்பதால் (1,1), (2,2), (3,3) ஆகியவற்றில் 7 வராது. இரண்டாவது வலது கீழ்ப் பெட்டியில் இருப்பதால் (7,7), (8,8), (9,9) ஆகியவற்றிலும் வராது. இறங்கு மூலைவிட்டத்தின் வெளி ஆறும் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் அதில் 7 வந்தே தீரவேண்டும் என்பதால், அது (4,4), (5,5), (6,6) ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். நடுப்பெட்டியின் மற்ற ஆறு கட்டங்களிலிருந்தும் 7ஐ உடனே அழித்துவிடலாம்.

இப்போது (3,8) இலும் (8,3) இலும் 7 இருந்தால், ஏறு மூலைவிட்டத்தின் வெளி ஆறு கட்டங்களும் அதே காரணத்தால் மூடப்படுகின்றன. அந்த மூலைவிட்டத்தின் 7உம் நடுப்பெட்டிக்குள் வந்தாக வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரே 7 என்பதால், அது இரண்டு மூலைவிட்டங்களுக்கும் பொதுவான கட்டத்தில்தான் இருக்க முடியும்: (5,5) இல் 7.

இந்த நான்கு 7களும் நடுப்பெட்டியைக் கடக்கும் எந்த வரிசையிலும் நெடுவரிசையிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாதாரண சுடோகுவில் இவற்றை வைத்து நடுப்பெட்டியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது.

படி 3: இரண்டு இடங்கள் மட்டும் எஞ்சினால்

சில வேளைகளில் ஓர் எண்ணுக்கு மூலைவிட்டத்தில் இரண்டு இடங்கள் எஞ்சி நிற்கும். இறங்கு மூலைவிட்டத்தில் 4 வரக்கூடிய இடங்கள் (2,2), (8,8) மட்டுமே என்றால், எது உண்மை என்று தெரியாமலே ஒரு முடிவுக்கு வரலாம். (2,8) என்ற கட்டம் வரிசையால் (2,2) ஐயும், நெடுவரிசையால் (8,8) ஐயும் பார்க்கிறது. 4 எங்கே அமைந்தாலும் (2,8) க்கு அது கிடைக்காது. (8,2) க்கும் அவ்வாறே. இந்த இரண்டும் ஏறு மூலைவிட்டத்தில் இருப்பதால், ஒரு மூலைவிட்டத்தில் கண்டது மற்றதில் இரண்டு இடங்களை நீக்கிவிடுகிறது. (2,2), (7,7) போன்ற வேறு இணைகளிலும் இம்முறை செல்லும். அப்போது அழிபடும் (2,7), (7,2) ஆகியவை மூலைவிட்டத்துக்கு வெளியே இருக்கும்.

தவறு நேரும் இடங்கள்

ஒரே எண் (1,1) இலும் (2,8) இலும் இருப்பதைக் கண்டு, பிழை என்று அழித்துவிடுபவர்கள் உண்டு. அவை வெவ்வேறு மூலைவிட்டங்களில் இருப்பதால் அது முற்றிலும் சரியே. மையத்தில் உள்ள எண்ணைத் தவிர, மற்ற எட்டு எண்களும் இரு மூலைவிட்டங்களிலுமாகச் சேர்த்து இருமுறை வந்தே ஆகவேண்டும். மையத்து எண் மட்டும் ஒருமுறை வந்து இரண்டு மூலைவிட்டங்களுக்கும் பயன்படும். அதை வேறெங்கும் மூலைவிட்டத்தில் கண்டால் பிழை உறுதி.

இன்னொரு பிழை மெதுவாக வெளிப்படும். மூலைவிட்டக் கட்டத்தில் எண்ணை இட்டதும் வரிசை, நெடுவரிசை, பெட்டி ஆகியவற்றில் வரக்கூடிய எண்களாகப் பென்சிலில் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட்டு, மூலைவிட்டத்தில் அழிக்க மறப்பார்கள். சில நகர்வுகளுக்குப் பிறகு மூலைவிட்டத்தில் ஏதோ ஓர் எண்ணுக்கு இடமே இல்லாமல் போகும். அப்படி ஆனால் முழுவதையும் அழிக்க வேண்டாம். கடைசியாக மூலைவிட்டத்தில் இட்ட எண்ணிலிருந்து பின்னோக்கி, அதன் கோட்டில் அழிபடாமல் நிற்கும் குறிப்புகளையும், அவற்றை நம்பி இட்ட எண்களையும் தேடுங்கள்.