எட்டாம் இடத்தைப் பதறாமல் படிப்பது எப்படி? ஒரு கட்டத்தை வைத்து விளக்கம்

ஜாதகம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர்கள் பலர் முதல் வாரத்திலேயே எட்டாம் இடத்தில் எந்தக் கிரகம் இருக்கிறது என்று தேடுவார்கள். ஒன்று இருந்துவிட்டால் தூக்கம் போய்விடும். அந்தப் பயத்துக்கு நம் முறையிலேயே தெளிவான பதில் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் படிகளுக்குப் போகிறேன்.

பராசர முறையில் எட்டாம் இடம் ஆயுளைச் சொல்லும் இடம். அந்த எட்டுக்கு எட்டாவதாக வரும் மூன்றாம் இடமும் ஆயுளைச் சொல்லும். எந்த இடத்துக்கும் அதன் பன்னிரண்டாம் இடம் விரயம். எட்டுக்குப் பன்னிரண்டு எது என்று எண்ணினால் ஏழு வரும், மூன்றுக்குப் பன்னிரண்டு எது என்று எண்ணினால் இரண்டு வரும். அதனால்தான் இரண்டையும் ஏழையும் மாரக ஸ்தானம் என்கிறார்கள். ஆக, எட்டில் ஒரு கிரகம் இருப்பதைப் பார்த்ததும் "கண்டம்" என்று சொல்வதற்கு அடிப்படை விதியிலேயே இடமில்லை. ஆயுள் கணிப்பு என்பது லக்னம், சந்திரன், சனி, மாரகாதிபதிகள், தசை என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும் தனிப் பாடம். கற்றுக்கொள்ளும் நிலையில் அதைத் தொடவே வேண்டாம். தேர்ந்தவர்களும் அதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எட்டில் எதைப் படிப்பது? நம் கையில் முழுதாக இல்லாத பணம், திடீர் நெருக்கடி, மறைந்திருக்கும் விஷயம், அது கடந்தபின் வரும் மாற்றம். ஒரு கட்டத்தை வைத்தே பார்க்கலாம்.

முதல் படி: எட்டை லக்னத்திலிருந்து எண்ணுங்கள்

கட்டத்தில் "ல" என்று எழுதியிருக்கும் இடம்தான் ஒன்று. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணி எட்டாவது கட்டத்துக்கு வாருங்கள்.

பயிற்சிக்காக இப்படி ஒரு கட்டம் வரைந்துகொள்ளுங்கள். 1986 அக்டோபர் மாதப் பிறப்பு. கடக லக்னம், ரிஷப ராசி. குரு கும்பத்தில், சனி விருச்சிகத்தில். (அந்த மாதம் குருவும் சனியும் அங்கேதான் இருந்தார்கள், பஞ்சாங்கத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.) மற்ற கிரகங்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கடகத்தை ஒன்று என்று வைத்தால் சிம்மம் இரண்டு, கன்னி மூன்று, துலாம் நான்கு, விருச்சிகம் ஐந்து, தனுசு ஆறு, மகரம் ஏழு, கும்பம் எட்டு. எனவே எட்டாம் இடம் கும்பம், அதன் அதிபதி சனி, அதில் நிற்பவர் குரு.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். அஷ்டமச் சனி, சந்திராஷ்டமம் இரண்டும் ராசியிலிருந்து எண்ணுபவை. இவர் ரிஷப ராசி என்பதால் ராசிக்கு எட்டு தனுசு. 2017 இறுதியில் சனி தனுசுக்கு வந்தபோது இவருக்கு அஷ்டமச் சனி நடந்தது. ஆனால் பிறவிக் கட்டத்தில் இவருடைய எட்டாம் பாவம் கும்பம்தான். அஷ்டமச் சனி சுமார் இரண்டரை ஆண்டு, சந்திராஷ்டமம் மாதத்துக்கு இரண்டேகால் நாள். இரண்டுமே வந்து போகிறவை. பிறவிக் கட்டத்தின் எட்டு வாழ்நாள் முழுவதும் இருப்பது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் "எனக்கு எட்டில் சனி" என்று இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டி வரும்.

பிறந்த நேரத்தையும் பாருங்கள். ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் இருக்கும். லக்னம் ராசியின் முதல் பாகையிலோ கடைசிப் பாகையிலோ விழுந்திருந்தால், பிறந்த நேரத்தில் ஐந்து நிமிடப் பிசகுகூட எட்டாம் இடத்தையே மாற்றிவிடும். அப்படி இருந்தால் நேரத்தை உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

இரண்டாம் படி: அதிபதியின் மற்ற பொறுப்பைப் பாருங்கள்

சூரிய சந்திரர் தவிர மற்ற ஐவருக்கும் இரண்டிரண்டு வீடு. அதனால் எட்டுக்கு உடையவர் இன்னொரு வேலையும் செய்வார். நம் கட்டத்தில் சனிக்கு மகரமும் சொந்தம், அது ஏழாம் இடம். வாழ்க்கைத்துணைக்கும் எட்டுக்கும் ஒரே அதிபதி.

இதை எப்படிப் படிப்பது? எட்டாம் இடம் ஏழுக்கு இரண்டாவது. நமக்கு இரண்டாம் இடம் தனம் என்றால், துணைக்கு இரண்டாம் இடமான எட்டு துணையின் தனம், துணை வீட்டாரின் சொத்து. இந்த ஜாதகர் வாழ்க்கையில் பணம் என்பது இருவர் சேர்ந்து கையாளும் விஷயமாகவே இருக்கும். வீட்டுக் கடன் இருவர் பெயரிலும், மனைவியின் நகை அடகில், மாமனார் கொடுத்த இடம், ஒருவர் மற்றவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்று வரும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. கணக்கு இருவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வேறு லக்னக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேஷ லக்னத்துக்கு எட்டாம் அதிபதி செவ்வாய், லக்னாதிபதியும் அவரே. துலா லக்னத்துக்குச் சுக்கிரன் அப்படியே. இவர்களுக்கு அஷ்டமாதிபதி என்ற தோஷத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. தனுசு லக்னத்துக்கு எட்டாம் அதிபதியான சந்திரனுக்கும், மகர லக்னத்துக்கு எட்டாம் அதிபதியான சூரியனுக்கும் அந்தத் தோஷம் இல்லை என்பதும் மரபு.

மூன்றாம் படி: எட்டில் நிற்பவர் எதைக் கொண்டுவந்தார்?

"எட்டில் குரு, குரு மறைந்துவிட்டார்" என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். குரு இந்த லக்னத்துக்கு எந்த வீடுகளின் அதிபதி என்று கேளுங்கள். தனுசு ஆறாம் இடம், அது கடன். மீனம் ஒன்பதாம் இடம், அது தந்தை. கடனும் தந்தையும் ஒரே கிரகத்தின் கையில், அந்தக் கிரகம் பரம்பரைச் சொத்துக்குரிய எட்டில்.

இனிப் பார்வை. குரு நின்ற இடத்திலிருந்து ஐந்து, ஏழு, ஒன்பதாம் இடங்களைப் பார்ப்பார். கும்பத்திலிருந்து எண்ணினால் மிதுனம், சிம்மம், துலாம். லக்னப்படி அவை பன்னிரண்டு, இரண்டு, நான்கு: விரயம், குடும்ப தனம், வீடு நிலம்.

சேர்த்துப் படித்தால் ஒரு கதை கிடைக்கிறது. தந்தை வழியில் வீடோ நிலமோ வரும், அதோடு ஒரு கடனும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும், அதைத் தீர்க்கக் கைப்பணம் செலவாகும், முடிவில் குடும்பத்துக்கு ஒரு ஆதாரம் நிற்கும். நடைமுறையில் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே தெரிகிறது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது, பட்டா யார் பெயரில் என்று கவனிப்பது, உயில் இருக்கிறதா என்று தந்தையிடம் நல்லபடியாகக் கேட்டு வைப்பது, காப்பீட்டுப் பத்திரத்தில் வாரிசுப் பெயர் சரியா என்று பார்ப்பது. எட்டாம் இடத்துக்கு நான் முதலில் சொல்லும் பரிகாரம் இதுதான்.

நான்காம் படி: ரகசியம் எங்கே திறக்கும்?

தமிழ் ஜோதிட வழக்கில் எட்டு மறைவு ஸ்தானங்களில் ஒன்று. மறைந்தது எந்தப் பக்கம் வெளிப்படும் என்பதை அதிபதி நின்ற இடமும் பார்வையும் சொல்லும். சனிக்குப் பார்வை மூன்று, ஏழு, பத்து. விருச்சிகத்திலிருந்து மகரம், ரிஷபம், சிம்மம். சிம்மம் இரண்டாம் இடம். அங்கே குருவின் பார்வையும் விழுகிறது என்று ஏற்கெனவே பார்த்தோம். எட்டில் இருப்பவரும் எட்டுக்கு உடையவரும் ஒரே வீட்டைப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் இடம் தனம் மட்டுமில்லை, குடும்பமும் வாக்கும் அதுவே. ஆகவே இந்த வீட்டில் மறைக்கப்படும் விஷயம் பெரும்பாலும் பணம் பற்றியதாக இருக்கும், அது பேச்சில்தான் உடையும். அண்ணன் வாங்கிய கடன், அப்பா யாருக்கோ எழுதிக்கொடுத்த பத்திரம் போன்றவை. இதைச் சொல்லும்போது "உங்கள் வீட்டில் துரோகம் நடக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். கட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. "பணக் கணக்கில் பேசாமல் விட்ட விஷயம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேள்வியாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் யோசிப்பார், தீர்ப்பாகச் சொன்னால் பயப்படுவார்.

எட்டுக்கு இன்னொரு நல்ல முகமும் உண்டு. மறைந்ததைத் தோண்டும் வேலைகளுக்கு, அதாவது ஆராய்ச்சி, தணிக்கை, புலனாய்வு, மருத்துவப் பரிசோதனை போன்றவற்றுக்கு எட்டின் தொடர்பு உதவும் என்று பார்ப்பதுண்டு. எட்டில் குரு உள்ளவருக்கு ஆழ்ந்த படிப்பில் நாட்டம் வருவதை இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

ஐந்தாம் படி: நெருக்கடியைத் தாங்கும் பலம்

எட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. லக்னாதிபதி எப்படி இருக்கிறார் என்பதுதான் பாதி விடை. நம் கட்டத்தில் லக்னாதிபதி சந்திரன், அவர் ரிஷபத்தில் உச்சம், அதுவும் லாபமான பதினொன்றில். விருச்சிகச் சனி ஏழாம் பார்வையாக அவரை நேரே பார்க்கிறார். எட்டாம் அதிபதி சந்திரனைப் பார்ப்பதால் மனச்சுமை இருக்கும், நெருக்கடி வரும்போது இவர் உள்ளுக்குள் அழுத்திக்கொள்வார். ஆனால் உச்ச சந்திரன் உடைந்துபோக மாட்டார், நண்பர்களும் மூத்த சகோதரரும் தோள் கொடுப்பார்கள். இதே சனி பார்வை நீசச் சந்திரன் மேல் விழுந்தால் பலனைக் கூடுதல் கவனத்தோடு சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: எப்போது?

எட்டு எல்லா நாளும் பேசாது. எட்டுக்கு உடையவர் அல்லது எட்டில் நிற்பவரின் தசை புத்திகளில் பேசும். இவருக்குக் குரு தசை 16 ஆண்டு. அதில் சனி புத்தி 2 ஆண்டு 6 மாதம் 12 நாள். எட்டில் நிற்பவரின் தசையில் எட்டுக்கு உடையவரின் புத்தி என்பதால் இந்தக் காலத்தைத்தான் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சொத்துப் பிரிவினை, கடன் தீர்வு, துணை வீட்டாரோடு பணப் பேச்சு எல்லாம் இதில் குவியலாம். புதிதாக ஜாமீன் கையெழுத்துப் போடுவதை இக்காலத்தில் தவிர்க்கச் சொல்வேன். உடலில் ஏதாவது தொந்தரவு என்றால் மருத்துவரிடம் போக வேண்டும், ஜாதகத்தைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது.

மறுபிறப்பு என்று எட்டைச் சொல்வதை இந்தக் கட்டத்தில் எங்கே பார்ப்பது? சனி புத்திக்கு அடுத்து குரு தசையில் வருவது புதன் புத்தி. கடக லக்னத்துக்குப் புதன் மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உடையவர்: சொந்த முயற்சி, இடமாற்றம். தந்தை வழிச் சொத்தின் கணக்கு தீர்ந்தபின் இவர் ஊர் மாறலாம், தனியாகத் தொழில் தொடங்கலாம். புதன் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால்தான் அது எந்த ஊர், எந்தத் தொழில் என்ற திசை தெரியும். விட்டுவைத்த மற்ற கிரகங்களைக் கட்டத்தில் நிரப்பி, அங்கிருந்து தொடருங்கள்.