எதிர்காற்றில் விழுந்த கேட்ச்: நாற்பது வினாடியில் ஒரு ஃபீல்டிங் தந்திரத்தை அம்பு போட்டுக் காட்டுவது எப்படி?

மண்டபம் பக்கம் கடலை ஒட்டிய மைதானங்களில் ஆடியவர்களுக்கு ஒன்று தெரியும். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது, ஒரு பக்கம் தட்டிவிட்டாலே சிக்ஸ். இன்னொரு பக்கம் முழு பலத்தோடு தூக்கினாலும் பந்து பாதியில் நின்று கீழே விழும். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது. நாங்கள் ஆடும் டென்னிஸ் பந்து 58 கிராம் சுமார்தான், அதனால் காற்று அதை இஷ்டத்துக்குத் தள்ளும். இதை வைத்து எங்கள் கேப்டன் எடுத்த ஒரு விக்கெட்டைத்தான் இங்கே நாற்பது வினாடி வீடியோவாகச் செய்யப் போகிறோம்.

முதலில் தந்திரம் என்ன என்று பார்த்துவிடுவோம். எங்கள் பிட்ச் வடக்கு தெற்காக இருக்கிறது. கச்சான் மேற்கே இருந்து வருகிறது. பவுலர் வடக்கு முனையிலிருந்து போட்டால், வலது கை பேட்ஸ்மேனுக்கு லெக் சைடு மேற்கே விழும். அதாவது அவர் மிட்விக்கெட் பக்கம் தூக்கினால் முழுக்க எதிர்காற்று. பவுலர் லெக் ஸ்டம்ப் மேலேயே மெதுவான பந்து போட்டு அந்த அடிக்கு ஆசை காட்டுகிறார். எல்லைக்கோட்டில் நின்ற டீப் மிட்விக்கெட் ஃபீல்டரைக் கேப்டன் பத்து எட்டு நடந்து உள்ளே வரச் சொல்கிறார். பந்து எங்கே விழும் என்று காற்றைப் பார்த்துக் கணக்குப் போட்டதுதான் இதில் உள்ள விஷயம். வீடியோ காட்ட வேண்டியதும் அதை மட்டும்தான்.

படம் எடுப்பது

போனைப் பவுலருக்கு நேர் பின்னால், எல்லைக்கு வெளியே, முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். நாங்கள் ஒரு மொட்டை மாடியில் வைத்தோம். தரையில் வைத்தால் ஃபீல்டர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்து நிற்பார்கள், இடைவெளி தெரியாது.

போனைப் படுக்கவைத்தே எடுங்கள். செட்டிங்கில் வினாடிக்கு 60 ஃபிரேம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, 30 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 80 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மட்டையில் பட்ட நொடி உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. 60 என்றால் அந்தத் தூரம் பாதியாகும், அநேகமாக ஒரு நல்ல ஃபிரேம் மாட்டும்.

நான் முதலில் செய்த வீடியோவில் டீப் மிட்விக்கெட் ஃபீல்டர் படத்துக்கு வெளியே நின்றார். அம்பு வெறும் உடைமரத்தைக் காட்டியது. பார்த்த யாருக்கும் எதுவும் புரியவில்லை. அதனால் ஓவர் தொடங்கும் முன், அந்த ஃபீல்டர் ஃபிரேமுக்குள் நிற்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் போனை இன்னும் பின்னால் கொண்டுபோங்கள்.

உறையவைக்கும் மூன்று இடங்கள்

முழுப் பந்தும் ஓடி முடிய ஏழெட்டு வினாடிதான். அதில் மூன்று இடத்தில் மட்டும் நிறுத்தப் போகிறோம். நான்காவது வேண்டாம், நேரம் போதாது.

முதலாவது, பவுலர் ஓடத் தொடங்கும் முன். எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்கும் படம் இது.

இரண்டாவது, பந்து கையை விடும் நொடி. எங்கள் பவுலர் போட்டது, புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி விடும் ஸ்லோயர். பின்னாலிருந்து பார்க்கும் நமக்கு உள்ளங்கையும் பந்தும் பளிச்சென்று தெரியும். உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் போடும் ஸ்லோயராக இருந்தால் இந்தக் கோணத்தில் கை பந்தை மறைத்துவிடும். அப்போது இந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள், வாயால் சொன்னால் போதும்.

மூன்றாவது, மட்டையில் பந்து படும் இடம். இதை விரலால் தேய்த்துத் தேடாதீர்கள். எடிட்டிங் செயலியில் டைம்லைனை நன்றாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். பந்து படுவதற்கு ஒரு ஃபிரேம் முந்தியது எனக்குப் பிடிக்கும். மட்டை முன்னால் போய்விட்டது, பந்து இன்னும் வந்து சேரவில்லை என்பது அதில்தான் தெரியும்.

அம்பு வரைவது

KineMaster வைத்திருந்தால் `Layer` போய் `Handwriting` எடுங்கள். அம்புக் குறியும் வட்டமும் அதிலேயே இருக்கும். வேறு செயலி என்றால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. உறைந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கேலரியில் அதன் மேல் வரைந்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு அம்பு உள்ளது, இரண்டு அம்பு உள்ளது. வெறும் படத்தை ஒரு வினாடி காட்டி, அதன் பின்னால் இவற்றை வரிசையாக ஒட்டினால், அம்பு ஒவ்வொன்றாக வந்து விழுவதுபோல் இருக்கும். அந்த ஒரு வினாடி வெறும் படம் கட்டாயம் வேண்டும். கண் முதலில் மைதானத்தைப் பார்க்கட்டும், அப்புறம் அம்பைப் பார்க்கட்டும்.

முதல் படத்தில் காற்றுக்கு நீல அம்பு, வலமிருந்து இடம். ஃபீல்டர் நகர்ந்ததற்குக் கறுப்பு அம்பு, எல்லையிலிருந்து உள்ளே, முனையில் அவரைச் சுற்றி ஒரு வட்டம். மஞ்சளும் வெள்ளையும் நம் மணல் தரையில், மத்தியான வெயிலில் கரைந்து போகும். மூன்றாவது படத்தில் பந்து போகும் வழிக்குச் சிவப்பு அம்பு, இடமிருந்து வலம். அதே படத்தில் நீல அம்பை மறுபடி போடுங்கள். இரண்டும் நேருக்கு நேர் மோதுவதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். இந்த ஒரு படத்துக்காகத்தான் மற்ற எல்லாம்.

ஒரு படத்தில் இரண்டு அம்புக்கு மேல் வேண்டாம். ஆஃப் சைடில் காற்றோடு அடித்தால் என்ன ஆகும், அதற்காக டீப் கவர் ஏன் கோட்டிலேயே நிற்கிறார் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். அது இன்னொரு நாற்பது வினாடி.

போனை நிமிர்த்திப் பார்ப்பவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால், படுக்கை வீடியோவை வெட்டி நிரப்பும்போது அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முதல் படத்தையும் மூன்றாவதையும் வெட்டாமல் முழுசாக நடுவில் வையுங்கள், மேலே எழுத்து போட இடம் கிடைக்கும்.

பேச்சு

மைதானத்தில் பேசினால் காற்று இரைச்சல்தான் கேட்கும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பதிவு செய்யுங்கள். நான் சொன்னது இது:

0–6: (அடியும் கேட்சும் ஓடுகிறது) “இது சிக்ஸ் போயிருக்க வேண்டிய அடி. ஏன் கேட்ச் ஆனது?”

6–17: (முதல் படம்) “காற்று மேற்கே இருந்து வருகிறது. மிட்விக்கெட் பக்கம் தூக்கினால் எதிர்காற்று. அதனால் கோட்டில் நின்றவரைப் பத்து எட்டு உள்ளே கூப்பிட்டார் கேப்டன்.”

17–24: (இரண்டாவது படம்) “புறங்கை முன்னால். ஸ்லோயர் பந்து, லெக் ஸ்டம்ப் மேலே.”

24–33: (மூன்றாவது படம்) “மட்டை முந்திவிட்டது. பந்து உயரே போகும், தூரம் போகாது. எதிரே காற்று.”

33–40: முழுப் பந்தும் அம்பு இல்லாமல், பேச்சு இல்லாமல் ஓடட்டும். இப்போது பார்ப்பவர் தானாகவே அந்த ஃபீல்டரைத் தேடுவார்.

முடித்ததும், ஆட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்டுங்கள். நான் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் காட்டினேன். “நீலம் என்னண்ணே, பந்தா?” என்று கேட்டான். அன்றைக்கே நீல அம்பின் பக்கத்தில் ‘காற்று’ என்று ஒரு சொல் சேர்த்தேன்.

ஐப்பசி வாக்கில் கொண்டல் காற்று கிழக்கே இருந்து திரும்பி அடிக்கும். அப்போது இதே தந்திரத்தைத் தெற்கு முனையிலிருந்து போட வேண்டும், போனையும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஆனால் திரையில் நீல அம்பு அப்போதும் வலமிருந்து இடமாகவே வரும்.